கனடாவில் இருப்பவரின் மனையை வாங்கும்போது கிரையப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எப்படிப் படிப்பது?

கேள்வி: தஞ்சாவூருக்கு வெளியே ஐந்தரை சென்ட் மனை ஒன்றை 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கப் பேசியிருக்கிறேன். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். அவருடைய பவரை வைத்துச் சித்தப்பா மகன் விற்கிறார். 1994ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரத்தின் ஜெராக்ஸ், 2010 முதல் இன்றுவரையிலான வில்லங்கச் சான்று, எனக்கு எழுதித் தரப்போகும் பத்திரத்தின் வரைவு ஆகிய மூன்றையும் கொடுத்தார். சான்றில் 2011இல் ஒன்று, 2016இல் ஒன்று என இரண்டு பதிவுகள் உள்ளன. "இரண்டுமே குடும்பத்துக்குள் நடந்தவை, சுத்தமான சொத்து" என்கிறார். எனக்குப் பத்திரத் தமிழ் புரியவில்லை. இவை என்ன சொல்கின்றன?

பதில்: அனுப்பிய மூன்று தாள்களையும் படித்தேன். இந்த நிலையில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்றிலிருந்தே தொடங்குவோம். ஒரு குறிப்பிட்ட புல எண்ணுக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள், சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்தெந்த ஆவணங்கள் பதிவாயின என்பதன் பட்டியலே அது. விற்பவர்தான் உரிமையாளர் என்று அது எங்கும் உறுதி சொல்வதில்லை. ஒவ்வொரு வரியிலும் முதலில் பார்க்க வேண்டியது 'தன்மை' என்ற கட்டம்; அது கிரையமா, அடைமானமா, தான செட்டில்மெண்டா என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடும். அடுத்து 'எழுதிக் கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்'. முதல் கட்டத்தில் இருப்பவர் உரிமையையோ பிணையையோ கொடுப்பவர், இரண்டாவதில் இருப்பவர் அதைப் பெறுபவர். உரிமை கைமாறும் ஒரு பதிவில் எழுதி வாங்கியவராக வந்தவரே, அடுத்து உரிமை கைமாறும் பதிவில் எழுதிக் கொடுத்தவராக வர வேண்டும். அந்தத் தொடர்ச்சி எங்கே அறுகிறதோ அங்கே ஒரு இறப்போ, வாரிசுரிமையோ, பதிவாகாத ஆவணமோ ஒளிந்திருக்கும்.

உங்கள் சான்றின் 2011ஆம் ஆண்டுப் பதிவில் தன்மை 'உரிமை மூல ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போதைய உரிமையாளரின் தந்தை, எழுதி வாங்கியவர் ஒரு வங்கி. இதைக் குடும்பத்துக்குள் நடந்தது என்று சொல்ல முடியாது. மூலப் பத்திரத்தை வங்கியில் கொடுத்து வாங்கிய கடன் இது. கடன் அடைந்திருந்தால் அதற்குரிய 'இரசீது ஆவணம்' பின்னால் ஓர் ஆண்டில் பதிவாகியிருக்க வேண்டும், அதில் வங்கி எழுதிக் கொடுத்தவராக இருக்க வேண்டும். உங்கள் சான்றில் அப்படி எதுவும் இல்லை. கடனை அடைத்துவிட்டு இரசீதைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய உண்டு என்பதால், கடன் இன்னும் நிற்கிறது என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் உங்களிடம் காட்டியது அசல் அல்ல, ஜெராக்ஸ். அசல் எங்கே என்று கேளுங்கள். "கனடாவில் இருக்கிறது", "பெட்டியில் எங்கோ இருக்கிறது" என்ற பதில்களை ஏற்காதீர்கள். அசல் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது என்றால் கடனும் அங்கேதான் இருக்கிறது. அந்த வங்கியிடமிருந்து கடன் நிலுவை இல்லை என்ற கடிதமும், பதிவு செய்யப்பட்ட இரசீது ஆவணமும், அசல் பத்திரமும் விற்பவர் செலவில் வந்து சேர வேண்டும். சில கடன்களில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதப்படாமல், பத்திரத்தை மட்டும் ஒப்படைத்திருப்பார்கள். அது வில்லங்கச் சான்றில் வரவே வராது. அதனால்தான் அசலைக் கையில் வாங்கிப் பார்ப்பது சான்றைப் படிப்பதற்கு இணையான சோதனை என்கிறேன்.

2016ஆம் ஆண்டுப் பதிவு, தந்தை மகனுக்கு எழுதிய தான செட்டில்மெண்ட். இது குடும்பத்துக்குள் நடந்ததுதான். ஆனால் சான்று அதன் தலைப்பை மட்டுமே காட்டுகிறது. தந்தை தன் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டாரா, வேறு நிபந்தனை விதித்தாரா என்பது உள்ளே இருக்கும் வாசகங்களில்தான் தெரியும். அந்த ஆவணத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவகத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். வங்கிக் கடன் நிற்கும்போதே செட்டில்மெண்ட் நடந்திருந்தால் கடனும் சொத்தோடுதான் மகனுக்கு வந்திருக்கும்.

சான்றின் தலைப்பில் புல எண் 118/2B என்று இருக்கிறது. 1994ஆம் ஆண்டுப் பத்திரத்திலோ 118/2 மட்டுமே. இடையில் உட்பிரிவு நடந்திருக்கிறது. சான்று நாம் கொடுக்கும் எண்ணுக்குத்தான் தேடும். உட்பிரிவுக்கு முன்பு பதிவானவை பழைய எண்ணின் கீழ் கிடக்கும். தேடிய காலமும் 2010இலிருந்துதான் தொடங்குகிறது. எனவே tnreginet.gov.in தளத்தில் 118/2, 118/2B என இரண்டு எண்களுக்கும், 1994க்குச் சில ஆண்டுகள் முன்னிருந்து இன்றுவரை தேடுங்கள். 1994இல் தந்தைக்கு விற்றவர் எப்படி உரிமையாளரானார் என்பதும் அதில் தெரிய வேண்டும். தளத்தில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவகத்தில் விண்ணப்பித்துக் கைமுறைத் தேடல் கேட்கலாம்.

இனி 1994ஆம் ஆண்டுப் பத்திரம். 'ஏகபோகமாகவும் சர்வ சுதந்திரமாகவும் தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாகவும்' என்ற நீண்ட வரி, வாங்குபவர் தனியொருவராக, யாரையும் கேட்காமல் விற்கவும் தானம் கொடுக்கவும் உரிமை பெறுகிறார் என்பதைத்தான் சொல்கிறது. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்றால் பிள்ளை, பேரப்பிள்ளை வழியாக. 'வில்லங்கம் ஏற்படின் நானே முன்னின்று தீர்த்துத் தருகிறேன்' என்பது விற்பவரின் வாக்குறுதி. உள்ளூர்க்காரர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது; உங்கள் பத்திரத்தில் கனடாவில் இருப்பவர் அதையே சொன்னால் அதை நிறைவேற்ற வைப்பது எத்தனை கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அந்த வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள், வில்லங்கத்தைப் பதிவுக்கு முன்பே தீர்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் புரியவில்லை என்று எழுதியவற்றில் மிக முக்கியமானது சொத்து விவரம், அதாவது தபசில். அதில் நான்கெல்லை இப்படி வருகிறது: 'பொதுப் பாதைக்கு வடக்கு, இன்னார் மனைக்கு மேற்கு'. பாதைக்கு வடக்கு என்றால் மனை பாதையின் வடபுறம் இருக்கிறது. மனையிலிருந்து பார்த்தால் பாதை தெற்கில் கிடக்கும். உங்கள் வரைவில் இதை 'வடக்கில் பாதை' என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்குப் பழைய நடை புரியாததால் வந்த பிழையாக இருக்கலாம், அல்லது விற்கும் முகவர் உங்களுக்குக் காட்டிய மனையே வேறாக இருக்கலாம். தளத்தில் நின்று, பாதை எந்தப் பக்கம் என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். அளவு சரியாகத்தான் இருக்கிறது: கிழமேலடி 40, தென்வடலடி 60, ஆக 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஐந்தரை சென்ட்டுக்குப் பொருந்துகிறது. ஆனாலும் பதிவுக்கு முன் நில அளவரைக் கொண்டு அளந்து, புலப்படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பவர். வரைவில் குறிப்பிட்டிருப்பதன்படி, 2022இல் டொரன்டோவில் எழுதப்பட்டு, அங்குள்ள நோட்டரி சான்றளித்த பொது அதிகார ஆவணம் அது. வெளிநாட்டில் எழுதப்பட்ட அத்தகைய ஆவணம், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும் என்பது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை நாடுவார்கள். அந்த அலுவலகத்தின் குறிப்பும் தேதியும் அசல் பவரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது இன்னொன்று. இந்தப் பவர் உங்கள் வில்லங்கச் சான்றில் இல்லை, ஏனெனில் அது இங்கே பதிவான ஆவணம் அல்ல. அதே காரணத்தால், கனடாவில் உரிமையாளர் அதை ரத்து செய்து கையெழுத்திட்டிருந்தாலும் சான்று மௌனமாகவே இருக்கும். அவர் இறந்துவிட்டால் பவரும் அன்றே செத்துவிடும். அதன் பிறகு முகவர் எழுதித் தரும் பத்திரத்தால் உங்களுக்கு உரிமை வராது என்று கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

என்னைக் கேட்டால், 2022ஆம் ஆண்டுப் பவரை வைத்து வாங்க வேண்டாம். இந்த மனையையும் 24 லட்சம் என்ற விலையையும் குறிப்பிட்டு, உரிமையாளர் புதிதாக ஒரு தனி அதிகார ஆவணத்தை இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் எழுதி அனுப்பட்டும். அவரோடு வீடியோ அழைப்பில் நீங்களே பேசி விலையை உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு நாளுக்கு அருகில் எடுத்த உயிர்வாழ் சான்றையும் கேளுங்கள். பதிவு அலுவலகமே அதைக் கேட்பது வழக்கம். வரைவில் எழுதிக் கொடுப்பவராக முகவரின் பெயர் தனியாக நிற்கிறது, அது தவறு. எழுதிக் கொடுப்பவர் உரிமையாளர், 'அவருக்காக அவரது அதிகார முகவர்' என்று வர வேண்டும். பவரின் தேதியும் எண்ணும் அந்த இடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

பணத்தை முகவரின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். உரிமையாளரின் பெயரில் இந்தியாவில் உள்ள, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்கில் வங்கி வழியாகச் செலுத்துங்கள். வெளிநாடு வாழ்பவரிடம் வாங்கும்போது வரிப்பிடித்தம் செய்யும் பொறுப்பு உங்களுடையது; உள்ளூர் விற்பனையில் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் பிடிக்கும் 1 சதவீதம் இங்கே பொருந்தாது, 50 லட்சம் என்ற வரம்பும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த மனைக்கு 12.5 சதவீதமும், அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 13 சதவீதம். 24 லட்சத்தில் அது 3,12,000 ரூபாய். லாபத்தின் மீது மட்டும் பிடிக்க விரும்பினால் உரிமையாளர் வருமான வரி அதிகாரியிடம் குறைந்த பிடித்தச் சான்று பெற்றுத் தரட்டும். அதுவரை முழுத் தொகையின் மீதும் பிடிப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. இதைச் செய்யாவிட்டால் வரித்துறை அந்தத் தொகையை உங்களிடம்தான் கேட்கும். கணக்கீட்டைப் பதிவுக்கு முன் ஒரு பட்டயக் கணக்காளரிடம் காட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, அந்த வங்கியின் கடிதத்தையும் 2016ஆம் ஆண்டுச் செட்டில்மெண்ட் நகலையும் கேட்பது. இரண்டும் வந்தபின் வரைவை நான் திருத்தித் தருகிறேன். பதிவு நாள் காலையில் இரண்டு புல எண்களுக்கும் வில்லங்கச் சான்றை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பதிவு முடிந்து சில நாள் கழித்து உங்கள் கிரையம் அதில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்.