485 கேபிள், 120 ஓம், டிஇ பின்: கேள்வி பதில்

அண்ணா, பொள்ளாச்சிக்குப் பக்கத்துல நார் மில்லுங்க. 240 மீட்டர் கேபிள், 9 டிரைவ், 9600 பாட், ஈவன் பாரிட்டி. எஸ்டிஎம்32 போர்டு நானே எழுதினது. கடைசி பைட்டைப் போட்டதும், லைன்ல அனுப்ப விடற டிஇ பின்னை இறக்கினா ஒருத்தனும் பதில் தரல. delay 5 மில்லிசெகண்ட் போட்டேன், 7 டிரைவ் பேசுது, 2 பேசல. கேபிள் நீளம்தானே காரணம்?

கேபிள் இல்லை தம்பி. பேசாத டிரைவ் ஒன்றைக் கழற்றி மேஜையில் ஒரு முழம் வயரில் கட்டிப் பாருங்கள், அங்கேயும் பேசாது.

கடைசி பைட்டை ரிஜிஸ்டரில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். ரிஜிஸ்டர் காலி என்று சொல்லும் TXE வந்தாலும் அந்த பைட் ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் இருந்து அப்போதுதான் வெளியே போக ஆரம்பிக்கிறது. ஒரு பைட்டுக்கு 11 பிட், 9600-ல் சுமார் 1.15 மில்லிசெகண்ட். அதற்குள் டிஇ இறங்கினால் சிஆர்சியின் வால் அறுந்துவிடும், டிரைவ் அந்த ஃப்ரேமைக் குப்பையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

5 மில்லிசெகண்ட் வைத்ததில் பாதி சரி. பைட் போன பிறகும் சுமார் 3.85 மில்லிசெகண்ட் லைனை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். மோட்பஸ் கேட்கும் மூன்றரை எழுத்து மௌனம் இங்கே சுமார் 4 மில்லிசெகண்ட், அதனால் ஒழுங்காகக் காத்திருக்கிற 7 டிரைவ் மயிரிழையில் தப்பிக்கிறது. அவசரக்காரன் இரண்டு பேர் முன்னாலேயே வாய் திறந்தால் உங்கள் போர்டின் குரலும் அவன் குரலும் மோதி, பதிலின் முதல் பைட் கெட்டுப்போகும். ஸ்கோப் இருந்தால் டிஇ-யையும் ஏ-பி லைனையும் சேர்த்துப் பாருங்கள், மோதல் கண்ணுக்கே தெரியும்.

delay-யைத் தூக்கிவிடுங்கள். எஃப்1 சிப் என்றால் இது போதும்:

```c
while (!(USART1->SR & USART_SR_TC));
DE_LOW();
```

TXE இல்லை, கடைசி பிட்டும் வெளியே போனதும் வருகிற TC. இதை எத்தனை முறை சொன்னேனோ!

சார், 9 டிரைவிலும் 120 ஓம் சுவிட்சை ஆன் பண்ணியிருக்கோம். பாதுகாப்புதானே?

இல்லை. 9 சேர்ந்தால் 13 ஓம் சொச்சம்தான், டிரான்சீவர் மூச்சு முட்டும். கேபிளின் இரு முனையில் மட்டும் போதும். பவரை அணைத்து ஏ-பி நடுவே மீட்டர் வையுங்கள், 60 முதல் 70 ஓம் காட்டினால் சரி.

நடு டிரைவுலயும் ஒன்னு போடலாமா சார்?

மேலே படியுங்கள்.

வீட்டு சோலார் இன்வர்ட்டர் ஆப்ல "கம்யூனிகேஷன் எரர்" வருது.

விற்றவரிடம் கேளுங்கள்.

ஆட்டோ டைரக்‌ஷன் மாட்யூல் வாங்கினா டிஇ தலைவலியே இல்லையே சேட்டா? கஞ்சிக்கோட்டுல ரெண்டு வருஷமா ஓடுது.

எத்தனை மீட்டர்?

முப்பது.

அதான். மலிவான மாட்யூல் பலவற்றில் 0 பிட்டுக்குத்தான் டிரைவர் தள்ளும். 1 பிட்டை பயாஸ் ரெசிஸ்டர்தான் இழுத்துப் பிடிக்கிறது. இரு முனையிலும் 120 போட்டதும் அந்த இழுப்பு தளர்ந்துவிடும், ஏ-பி வித்தியாசம் ரிசீவருக்கு வேண்டிய 200 மில்லிவோல்ட்டைக்கூடத் தொடாமல் போகலாம்.

அப்ப 120-ஐ எடுத்துட்டா?

9600-ல் முப்பது மீட்டருக்கு எடுத்தாலும் ஓடும். 240-க்கு நான் எடுக்க மாட்டேன்.

நான் 200 மீட்டர்ல எடுத்து ஓட்டியிருக்கேன் சேட்டா, பிரச்சினையே இல்ல.

ஓடியிருக்கும், 9600 மெதுவான வேகம். பக்கத்தில் பெரிய மோட்டார் கேபிள் போகிறதா?

போகல.

போகிற இடத்தில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள், பேசலாம்.