ராயல்டி பாக்கி: நாசூக்காகவும் நறுக்கென்றும் கேட்பது எப்படி?

கேள்வி: எங்கள் பிராண்டின் பெயரில் ஒருவர் நான்கு ஆண்டுகளாக அவுட்லெட் நடத்துகிறார். நல்ல மனிதர், இழக்க மனமில்லை. இரண்டு மாத ராயல்டி நிற்கிறது. நான் எழுதி வைத்திருக்கும் கடிதம் இது: “தொந்தரவுக்கு மன்னிக்கவும். பல முறை சொல்லியும் ராயல்டியை நீங்கள் கண்டுகொள்ளவில்லை. மற்ற கடைக்காரர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். கூடிய சீக்கிரம் செலுத்தவும். இல்லையேல் ஒப்பந்தத்தை ரத்து செய்ய நேரிடும்.” திருத்தித் தர முடியுமா?

பதில்: மன்னிப்பில் தொடங்கி மிரட்டலில் முடித்திருக்கிறீர்கள். ஆனால் எவ்வளவு, எந்த மாதத்துக்கு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இதில் எங்குமே இல்லை. “கூடிய சீக்கிரம்” என்பது உங்களுக்கு இந்த வாரம். மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டிய அவருக்கு அது அடுத்த மாதம்.

மற்ற கடைக்காரர்களைப் பற்றிய வரியை முதலில் எடுத்துவிடுங்கள். அவர்கள் கட்டுகிறார்களா இல்லையா என்பது இவருடைய கணக்கில் சேராது. அதைப் படித்ததும் அவர் பதில் எழுதப்போவது பணத்தைப் பற்றியல்ல, மானத்தைப் பற்றி.

ரத்து என்ற சொல்லும் வேண்டாம். பெரும்பாலான ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களில் அதற்கென்று தனி நடைமுறை உண்டு: முறைப்படி நோட்டீஸ், பிழையைச் சரிசெய்ய இத்தனை நாள் அவகாசம், அனுப்ப வேண்டிய முகவரி. நினைவூட்டலின் கடைசி வரியில் அதைச் செருகினால் நோட்டீஸாகவும் செல்லுபடியாகாது, நினைவூட்டலாகவும் இனிக்காது.

கோபத்தை எடுத்த இடத்தில் கணக்கை வையுங்கள். ராயல்டி பொதுவாக லாபத்தின் மீதல்ல, விற்பனையின் மீது வருவது. வியாபாரம் மந்தமான மாதத்திலும் அது வந்து நிற்கும் என்பதால்தான் பேச்சு எளிதில் “லாபமே இல்லையே” என்று திசைமாறுகிறது. அவரே அனுப்பிய விற்பனை அறிக்கையின் எண்ணை எடுத்து எழுதினால் வாதத்துக்கு இடம் குறையும். அறிக்கையே வரவில்லையென்றால் தொகையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். அறிக்கையை முதலில் கேளுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். எண்கள் என் கற்பனை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

“வணக்கம் சார். மார்ச், ஏப்ரல் மாத ராயல்டி இன்னும் வரவு ஆகவில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கைப்படி மார்ச் விற்பனை 8,00,000; அதில் 6 சதவீதம் 48,000. இது ஏப்ரல் 10-க்குள் வந்திருக்க வேண்டும். ஏப்ரல் விற்பனை 7,50,000, ராயல்டி 45,000. இதன் கெடு மே 10. மொத்தம் 93,000. இதை மே 24-க்குள் செலுத்திவிடுங்கள். கணக்கில் ஏதேனும் மாறுபாடு தெரிந்தால் மே 20-க்குள் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம். ஒரே தவணையில் சிரமம் என்றாலும் அந்தத் தேதிக்குள்ளேயே பேசுங்கள். பகுதியாக அனுப்பினால் மார்ச் பாக்கியில் முதலில் வரவு வைப்போம். இந்த முறை தாமதக் கட்டணம் சேர்க்கவில்லை. ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகள் அப்படியே தொடர்கின்றன.”

கடைசி மூன்று வரிகளையும் வெட்டிவிடாதீர்கள். முன்பு நான் கணக்குப் பார்த்த ஒரு நிறுவனத்தில், பாக்கி வைத்திருந்தவர் எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் ஒரு தொகையை அனுப்பினார். அவர் அதைப் புதிய மாதத்தில் எழுதிக்கொண்டார், நாங்கள் பழையதில். பணம் வந்த பிறகும் மூன்று மாதம் சண்டை ஓயவில்லை. வரவு வைக்கும் வரிசை உங்கள் ஒப்பந்தத்திலேயே இருந்தால் அதையே எழுதுங்கள்.

தாமதக் கட்டணத்தைச் சொல்லாமலே விட்டால், சில மாதம் கழித்து “நீங்கள்தான் கேட்டதே இல்லையே” என்று அவர் சொல்ல இடமுண்டு. சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தால் அது சலுகையாகவே நிற்கும்.

அனுப்புவதற்கு முந்தின நாள் ஒரு போன் போடுங்கள். “நாளைக்குக் கணக்கு ஒன்று மெயிலில் வரும், பார்த்துவிடுங்கள்” என்றால் போதும். நான்கு வருடப் பழக்கத்துக்கு அந்த மரியாதை உண்டு. அப்போது அவர் “நீங்கள் அனுப்பிய சரக்கு தாமதமானதே” என்று வேறு குறையை எடுத்தால், அதைத் தட்டிக்கழிக்காமல் குறித்துக்கொண்டு தனி மெயிலில் பதில் தாருங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால், சரக்குப் பிரச்சினை தீரும்வரை ராயல்டியும் தீராது.

அவர் தவணை கேட்டால் ஒத்துக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு: மே மாத ராயல்டி அதன் கெடுவான ஜூன் 10-க்கு முழுசாக வர வேண்டும், பழைய பாக்கி மட்டும் தவணையில். பேசி முடித்த அன்றே தேதிகளை எழுதி அனுப்பி, “சரி” என்று ஒரு வரி பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.