போன் சிங்கப்பூரில், கணக்கு இந்தியாவில்

கேள்வி: கோவையிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஐபோன் வைத்திருக்கிறேன். இங்கே கணக்குத் தொடங்கிய வங்கியின் ஆப்பைத் தேடினால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று வருகிறது. இங்கத்திய கார்டை ஆப்பிள் கணக்கில் சேர்த்தால் ஏற்க மறுக்கிறது. ஊரில் போட்டிருந்த யூபிஐயும் வேலை செய்யவில்லை. ஒரு மொழி கற்கும் ஆப்புக்கு வருடச் சந்தா கட்டியிருக்கிறேன். அது மார்ச் வரை இருக்கிறது. ஆப்பிள் கணக்கில் 42 ரூபாய் மிச்சம். மனைவி கோவையில், அவரும் என் ஃபேமிலி குழுவில் இருக்கிறார். கணக்கின் நாட்டைச் சிங்கப்பூராக மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாற்றாமலே அந்த ஆப்பை இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு முன், எதனால் இப்படி ஆகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆப் ஸ்டோருக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது பொருட்டே இல்லை. உங்கள் ஆப்பிள் கணக்கு எந்த நாட்டுக் கணக்கு என்பதை மட்டும்தான் பார்க்கும். கோவையில் தொடங்கியது இந்தியக் கணக்கு. ஆர்ச்சர்ட் ரோட்டில் நின்று திறந்தாலும் இந்தியக் கடைதான் திறக்கும். எந்தெந்த நாட்டுக் கடையில் ஆப்பை வைப்பது என்று முடிவு செய்வது அதை வெளியிடுகிறவர். ஒரு நாட்டில் மட்டும் வாடிக்கையாளர் உள்ள வங்கி அந்த நாட்டுக் கடையோடு நிறுத்திக்கொள்வது சகஜம்.

பலரும் முதலில் கை வைப்பது `Settings > General > Language & Region` பகுதியில். அது தேதி, எண், வெப்பநிலை எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கான அமைப்பு. கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் அக்கா மகன் துபாய் போன புதிதில் அரை நாள் அதையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மாறியது காலண்டர் மட்டும்தான். இணைய முகவரியை வேறு நாட்டுடையதாகக் காட்டும் விபிஎன் போட்டாலும் இதே கதைதான். நாடு கணக்கில் எழுதியிருக்கிறது, இணைய முகவரியில் இல்லை.

கார்டு மறுக்கப்படுவதும் இதே காரணத்தால்தான். கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களே அதைக் கொடுத்த வங்கி எது, எந்த நாடு என்று சொல்லிவிடும். இந்தியக் கணக்கில் சிங்கப்பூர் கார்டைப் போட்டால் நாடு ஒத்துப்போகாது. கார்டில் எவ்வளவு பணம் இருந்தாலும் பயனில்லை. போதாக்குறைக்கு, இந்தியாவில் தொடர் கட்டணங்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகள் இறுகிய பிறகு, 2022-ல் ஆப்பிள் இந்தியக் கணக்குகளில் கார்டு வாங்குவதையே நிறுத்தியது. யூபிஐ, நெட் பேங்கிங், கணக்கில் ஏற்றி வைக்கும் தொகை ஆகியவைதான் வழியாக இருந்தன. யூபிஐ நின்றதற்கு உங்கள் இந்திய சிம்மைப் பாருங்கள். யூபிஐ வங்கியில் பதிவான கைபேசி எண்ணோடு கட்டப்பட்டது. அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தாலோ போனை விட்டு வெளியே எடுத்து வைத்திருந்தாலோ, அது தடுமாறும்.

ஆக, நாட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஆப்பிள் சில பாக்கிகளை முதலில் தீர்க்கச் சொல்லும். மீதித் தொகை பூஜ்யமாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவை ரத்து செய்வதோடு விடாது, அதன் காலம் முடியும் வரை காத்திருக்கவும் வேண்டும். உங்கள் விஷயத்தில் அது மார்ச். ஃபேமிலி குழுவில் வெறும் உறுப்பினராக இருந்தால் குழுவை விட்டு விலக வேண்டி வரலாம். குழுவை நடத்துகிறவர் நீங்கள் என்றால், உங்கள் நாடு மாறியதும் கோவையிலிருக்கும் மனைவியின் கணக்கோடு வாங்கியவற்றைப் பகிர்வது சிக்கலாகும், ஏனென்றால் அதற்குக் குழுவில் எல்லோரும் ஒரே நாட்டுக் கணக்காக இருக்க வேண்டும். அந்த 42 ரூபாய்தான் எரிச்சல். அந்த விலைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் ஆப்பிள் உதவி மையத்தைத் தொடர்புகொண்டு, நாடு மாற்றப் போகிறேன், மீதியை நீக்கிவிடுங்கள் என்று கேட்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு வங்கி ஆப்புக்காக இன்று செய்ய வேண்டியதில்லை. ஐபோனில் ஐக்ளவுடுக்கு ஒரு கணக்கும் ஸ்டோருக்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொள்ளலாம். இது கள்ளவழி இல்லை, அமைப்பிலேயே உள்ளது. வேறொரு மின்னஞ்சல் முகவரியில், சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்து இரண்டாவது ஆப்பிள் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். சிங்கப்பூர் கைபேசி எண்ணையும், சிங்கப்பூர் கார்டையும், அந்தக் கார்டுக்கு வங்கியில் கொடுத்த அதே முகவரியையும் போடுங்கள். கோவை பின்கோடும் ஆறு இலக்கம், சிங்கப்பூர் அஞ்சல் குறியீடும் ஆறு இலக்கம் என்பதால் கை பழக்கத்தில் 641 என்று தட்டிவிடாதீர்கள்.

அடுத்து `Settings` திறந்து மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டு, `Media & Purchases` போய், `Sign Out`. இங்கே கவனம்: பெயரைத் தொட்டதும் வரும் பக்கத்தின் அடியில் இருக்கும் `Sign Out` முழுக் கணக்கையும் வெளியேற்றும், ஐக்ளவுடு உட்பட. நமக்கு வேண்டியது `Media & Purchases` தொட்டபின் வருவது. வெளியேறிய பிறகு அதே இடத்தைத் தொட்டால், உங்கள் பழைய கணக்கையே காட்டிக் கேட்கும்; அது நானில்லை என்ற தேர்வை எடுத்து சிங்கப்பூர் கணக்கைக் கொடுங்கள். புகைப்படம், தொடர்புகள், மெசேஜ் எதுவும் அசையாது. ஸ்டோரைத் திறந்தால் விலைகள் சிங்கப்பூர் டாலரில் தெரியும். மாறியதற்கு அதுதான் அடையாளம். வங்கி ஆப்பை இறக்குங்கள்.

இறக்கிய பின் அதே வழியில் இந்தியக் கணக்குக்குத் திரும்பலாம். ஆப் போனிலேயே இருக்கும். அதற்குப் புதிய பதிப்பு வரும்போது சிங்கப்பூர் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும், அவ்வளவே. நடுவே தானாக இறக்கும் வசதியைப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைப் போட்டால் போன் ஒரு கணக்கோடு 90 நாள் பிணைக்கப்படும். மற்றக் கணக்கில் முன்பு வாங்கியவற்றைத் திரும்ப இறக்க முடியாமல் போகும்.

உங்கள் மொழி ஆப்புக்குத் தனி லாகின் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் ஸ்டோர் கணக்கு எதுவானாலும் சந்தா ஓடும். ஆப்பிள் மியூசிக் மாதிரி ஆப்பிளின் சொந்தச் சந்தா என்றால் அப்படியில்லை. அது `Media & Purchases` கணக்கைத்தான் பின்தொடரும், சிங்கப்பூர் கணக்கில் இருக்கும்வரை பாட்டு வராது. மொழி ஆப்பின் தானியங்கிப் புதுப்பிப்பை இப்போதே ரத்து செய்யுங்கள். மார்ச் வரை எதுவும் நிற்காது. அதன்பிறகு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகச் சந்தா எடுக்க முடிந்தால், சிங்கப்பூர் கார்டிலேயே கட்டிவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. உங்கள் பழைய கணக்கின் சரிபார்ப்புக் குறியீடு இன்னும் கோவை எண்ணுக்குப் போகிறதா என்று பாருங்கள். பெயரைத் தொட்டு `Sign-In & Security` போய் `Two-Factor Authentication` பகுதியில் சிங்கப்பூர் எண்ணையும் சேருங்கள். சிம் செத்த பிறகு இதைச் செய்யப் போனால் படும் பாடு, ஆப் கிடைக்காத பாட்டைவிடப் பெரியது.

மார்ச்சில் முடிவெடுக்கும்போது, இங்கே எத்தனை வருஷம் என்பதைப் பாருங்கள். இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் நான் இரண்டு கணக்கோடே ஓட்டுவேன். இங்கேயே தங்குவது உறுதி, மனைவியும் வருகிறார் என்றால் மாற்றுங்கள்: பெயர், `Media & Purchases`, `View Account`, `Country/Region`. மாற்றினால் போனில் ஏற்கெனவே உள்ள இந்திய ஆப்கள் அழியாது. ஆனால் சிங்கப்பூர் கடையில் இல்லாதவை புதுப்பிப்பு பெறா, அழித்தால் திரும்பவும் வரா. அதனால் ஸ்டோர் அமைப்பில் `Offload Unused Apps` போட்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவிடுங்கள். அது பயன்படுத்தாத ஆப்பைத் தானே நீக்கும். வருஷத்துக்கு ஒருமுறை திறக்கும் ஊர் வங்கி ஆப்தான் முதலில் போகும்.

கேள்வி: என் தம்பி ஆண்ட்ராய்டு போனோடு கனடா போயிருக்கிறான், படிப்புக்கு. பிளே ஸ்டோரில் நாட்டை மாற்றும் இடமே தென்படவில்லை என்கிறான்.

பதில்: கூகுள் இதில் ஆப்பிளைப் போல இல்லை. உங்கள் தம்பி எங்கே இருக்கிறார் என்பதையும் அது பார்க்கும். பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு `Settings`, `General`, `Account and device preferences`, `Country and profiles` என்று போகச் சொல்லுங்கள். கனடாவிலிருந்து திறந்தால்தான் அந்த நாடு தெரியும்; விபிஎன் இந்தியாவைக் காட்டிக்கொண்டிருந்தால் வராது. கடந்த ஒரு வருடத்துக்குள் ஏற்கெனவே மாற்றியிருந்தாலும், ஃபேமிலி குழுவில் இருந்தாலும் தேர்வு மறைந்திருக்கலாம்.

தெரிந்தாலும் உடனே தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றுவதற்குக் கனடாவின் கார்டு வேண்டும். மாற்றினால் ஒரு வருடத்துக்குத் திரும்ப மாற்ற முடியாது. இந்தியக் கணக்கில் இருக்கும் ரூபாய் மீதி கனடாவில் செல்லாது. ஸ்டோர் முழுவதும் புது நாட்டைக் காட்ட 48 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பதறிப்போய் எதையும் மாற்றக் கூடாது.

ஆண்ட்ராய்டில் இதைவிட எளிய வழி, புதிதாக ஒரு கூகுள் கணக்கைத் தொடங்கிப் போனில் கூடுதலாகச் சேர்ப்பது. கனடாவில் இருக்கும்போது தொடங்கி, கனடா கார்டைச் சேர்த்தால் அதன் பிளே நாடு கனடாவாக அமையும். பிளே ஸ்டோரில் படத்தைத் தொட்டு இரண்டுக்கும் நடுவே மாறிக்கொள்ளலாம், பழைய கணக்கிலிருந்து வெளியேற வேண்டியதே இல்லை. படிப்பு முடித்து ஊர் திரும்பும்போது அந்தப் புதுக் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிட்டால் போதும். இந்தியக் கணக்கு தொட்ட இடம் தெரியாமல் அப்படியே இருக்கும்.