வெள்ளம் வடிந்த வீட்டின் சுவர் எப்போது காயும்? – கேள்வி பதில்

கேள்வி: சார், முழங்கால் அளவு தண்ணீர் நேற்றுதான் வடிந்தது. தரையைத் துடைத்து ஃபேன் போட்டுவிட்டேன். போதுமா?

பதில்: முதலில் ஃபேனை நிறுத்துங்கள். நனைந்த பிளக் பாயிண்டுகளை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மெயின் ஸ்விட்சையே போடாதீர்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளுங்கள். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். மெத்தையும் தலையணையும் அதற்குள் உள்ளே வரை காயாது, சாக்கடை நீரும் ஊறியிருக்கும். மனசு வராதுதான், ஆனாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அலமாரிகளைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஜன்னலை எந்நேரமும் திறந்தே வைக்கலாமா?

பதில்: வெயிலடித்தால் திறங்கள். மழை நாளில் வெளிக்காற்றின் ஈரமும் உள்ளே வரும், அப்போது மூடிவிட்டு ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைப்பது நல்லது. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும்.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்தால் பூஞ்சை செத்துவிடும். மேலேயே பெயிண்ட் அடித்தால் முடிந்தது, இல்லையா?

பதில்: டைல்ஸில் சரி. சுண்ணாம்பு, சிமெண்ட் பூச்சில் மேலே நிறம் வெளுக்கும், உள்ளே போனது அப்படியே இருக்கும். செத்த பூஞ்சையும் மூச்சுத் தொல்லை தரும். மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுங்கள். பிளீச்சை ஆசிட்டோடோ அமோனியாவோடோ சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

கேள்வி: நாங்கள் ஒரு மாதத்தில் பெயிண்ட் அடித்தோம். இப்போது கொப்புளமாகி, வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இது பூஞ்சையா அண்ணா?

பதில்: ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கரைந்தால் உப்பு. அதைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், கழுவினால் திரும்பச் சுவருக்குள் போகும். கொப்புளம் வந்ததற்குக் காரணம் உள்ளே தங்கிய ஈரம். செங்கல் சுவர் ஒரு அங்குலக் கனம் காயவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், 9 அங்குலச் சுவர் என்றால் பல மாதம்.

பெயிண்டைச் சுரண்டிவிட்டு, ஒரு முழம் அகல பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தாலோ அந்த இடம் மட்டும் கறுத்தாலோ இன்னும் காயவில்லை. தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஒட்டிப் பாருங்கள், செங்கல் அதற்கு மேலும் உறிஞ்சியிருக்கும்.

கேள்வி: எங்கள் மாடிக் குளியலறைக் கூரையிலும் கறுப்புப் புள்ளி இருக்கிறதே?

பதில்: அது வெள்ளத்தால் வந்ததாக இருக்காது, வெந்நீர் ஆவிதான். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள்.

கேள்வி: ஹீட்டர் வைத்தால் வாரத்தில் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் பூச்சைக் கொத்திவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

பதில்: அதிகச் சூட்டில் மேற்பரப்பு காய்ந்து பூச்சு வெடிக்கும், கதவு வளையும். கொத்துவதைப் பற்றி நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. தட்டிப் பாருங்கள், பொள்ளலான சத்தம் வரும் இடத்தில் மேஸ்திரி சொல்வது சரி. கெட்டியாக இருக்கும் பூச்சை நான் விட்டுவைப்பேன். அவர் ஒப்புக்கொள்வாரா தெரியாது.