எம்ஆர்என்ஏ தடுப்பூசி: செல்லின் மேல் தெரியும் கூர்முனை

“ஊசியில் வைரஸே இல்லை என்கிறார்கள். பிறகு உடல் எதைப் பார்த்து எதிர்க்கிறது?”

ஃபைசர்-பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசியில், பெரியவர்களுக்கு ஒரு தவணைக்கு, புரதம் செய்வதற்கான செய்முறைக் குறிப்பான எம்ஆர்என்ஏ 30 மைக்ரோகிராம் அளவில் நுண்ணிய கொழுப்புத் துகள்களுக்குள் பொதிந்து தரப்படுகிறது. தசையில் உள்ள செல்களும் நிணநீர்க் கணுக்களில் உள்ள, அந்நியப் பொருளை எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களும் அத்துகள்களை விழுங்கியதும், எம்ஆர்என்ஏ உட்கருவுக்குள் போகாமல் வெளியே சைட்டோபிளாசத்திலேயே தங்க, செல்லின் புரதம் செய்யும் கருவிகளான ரைபோசோம்கள் அதைப் படித்து, கொரோனா வைரஸின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் கூர்முனைப் புரதத்தைச் செய்கின்றன.

அப்புரதம் இரு விதமாக வெளியே தெரிகிறது. முழுப் புரதம் செல்லின் மேற்சவ்வில் நட்டுக்கொண்டு நிற்கிறது; இயல்பாகவே வடிவம் குலையக்கூடியது என்பதால், இரண்டு அமினோ அமிலங்களைப் புரோலினாக மாற்றி, செல்லோடு ஒன்றிணையும் முன் வைரஸ்மீது இருக்கும் தோற்றத்திலேயே அதை நிறுத்தியிருக்கிறார்கள். இதை அடையாளம் காணும், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பி செல்களே ஆன்டிபாடி சுரக்கின்றன. துண்டாக்கப்பட்ட புரதமோ, செல்லின் மேல் புரதத் துண்டுகளைத் தாங்கி நிற்கும் எம்ஹெச்சி மூலக்கூறுகளில் ஏறி, அதே மண்டலத்தின் டி செல்களுக்குக் காட்டப்படுகிறது: முதல் வகை எம்ஹெச்சியில் தெரிந்தால் தொற்றிய செல்களைக் கொல்லும் டி செல்கள் தூண்டப்படும், இரண்டாம் வகையில் தெரிந்தால் பி செல்களுக்குத் துணை நிற்கும் டி செல்கள் விழிக்கும்.

கூர்முனை மட்டுமே காட்டப்படுவதால், தடுப்பூசி மட்டும் போட்டவரின் ரத்தத்தில் வைரஸின் உள்ளே மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகாது. அது இருந்தால் பெரும்பாலும் தொற்று வந்துபோயிருக்கிறது என்று பொருள். ரத்தத்தில் ஆன்டிபாடி சில மாதங்களில் குறைகிறது, மூக்கின் சளிப்படலத்திலோ தொடக்கத்திலிருந்தே குறைவுதான். ஆகவே மீண்டும் தொற்று வரலாம், ஆனால் கூர்முனையை நினைவில் வைத்திருக்கும் பி, டி நினைவுச் செல்கள் விரைந்து பெருகுவதால் நோய் கடுமையாவது குறைகிறது.