22,000 திர்ஹாமை 24-ஆல் பெருக்கியதில்தான் சிக்கல்

கேள்வி: சார், எனக்கு 34 வயது. சென்னையில் ஐ.டி. வேலை, 24 லட்சம் சி.டி.சி., கைக்கு மாதம் ஒன்றரை லட்சம் வருகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 40,000 சம்பளம். மகளுக்கு 6 வயது. சொந்த ஃபிளாட், இ.எம்.ஐ. 48,000. அது போக வீட்டுச் செலவு 70,000. இப்போது துபாயில் மாதம் 22,000 திர்ஹாம், மியூனிக்கில் வருடம் 78,000 யூரோ என்று இரண்டு ஆஃபர். துபாயில் வரி கிடையாது, முழுசாக 5 லட்சத்துக்கு மேல் வரும், நவம்பரில் சேரச் சொல்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் கடை போட 20 லட்சம் கேட்டார், கிளம்புவதற்கு முன் என் பெயரில் பர்சனல் லோன் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே போய் செட்டில் ஆக இன்னொரு லோனும் எடுக்க வேண்டும். எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்: எந்த ஊர் என்பது அப்புறம். முதலில் அந்த 20 லட்சம் லோனில் கையெழுத்துப் போடாதீர்கள். "5 லட்சத்துக்கு மேல்" என்று நீங்கள் பெருக்கிப் பார்த்த எண் வீட்டில் எல்லோர் காதுக்கும் போய்விட்டது, அக்கா வீட்டுக்காரர் கேட்பதும் அந்த எண்ணை நம்பித்தான். அந்தப் பணம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. துபாயில் சம்பாதிப்பதைத் துபாயிலேயே செலவு செய்து, மிஞ்சுவதை மட்டும்தான், ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்து, 24-ஆல் பெருக்க வேண்டும்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று தோராயமாகப் போடலாம். அல் நஹ்தா, குசைஸ் பக்கம் இரண்டு பெட்ரூம் வீடு வருடத்துக்கு 90,000 திர்ஹாம் என்று வையுங்கள், மாதத்துக்கு 7,500. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் சேர்ந்து 1,350. இந்தக் கரண்ட் பில்லிலேயே வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் பிரித்துச் சேர்ந்து வரும், பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும் பஸ்ஸும் 1,500, சாப்பாடு 2,500, கார் 1,300, மனைவிக்கும் மகளுக்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ் தராவிட்டால் 500, வருடம் ஒருமுறை ஊருக்கு வர மாதம் 400, மற்ற செலவு 1,500. மொத்தம் 16,550. மிச்சம் 5,450 திர்ஹாம், அதாவது 1,31,000 ரூபாய்.

பி.எஃப். அங்கே கிடையாது. அதற்குப் பதிலாக கிராஜுவிட்டி. முதல் 5 வருடத்துக்கு ஒவ்வொரு வருட வேலைக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பிறகு 30 நாள். அடிப்படைச் சம்பளம் என்பதைக் கவனியுங்கள், மொத்தச் சம்பளம் இல்லை. உங்கள் ஆஃபரில் பேசிக் 11,000 என்றால் வருடத்துக்கு 7,700 திர்ஹாம், மாதத்துக்கு 640, நம் பணத்தில் 15,000 சொச்சம். சென்னை ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் ஒரு 20,000. ஆக, உங்கள் வீட்டு இ.எம்.ஐ. கட்டுவதற்கு முன் துபாய் தருவது 1,66,000.

இதை எதோடு ஒப்பிடுவது? உங்கள் ஒன்றரை லட்சத்தோடு மட்டும் இல்லை. உங்கள் மனைவி வேலையை விட்டுவிட்டு வருகிறார், அந்த 40,000 போகிறது. சென்னையில் இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து 1,90,000, செலவு 70,000 போக 1,20,000. உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாக பி.எஃப்.-இல் மாதம் ஏறக்குறைய 24,000 போய்க்கொண்டிருக்கும். சேர்த்தால் 1,44,000. துபாய் போவதால் உண்மையில் கூடுவது மாதம் 22,000 ரூபாய். 5 லட்சம் என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். அங்கே மனைவிக்கு வேலை கிடைத்தால் இந்தக் கணக்கு நன்றாகவே மாறும், ஆனால் கிடைக்கும் முன்பே அதை நம்பி லோன் எடுக்கக் கூடாது.

இப்போது லோன்களை இதன் மேல் ஏற்றிப் பாருங்கள். துபாயில் வீட்டு வாடகையை வருடத்துக்கு நான்கு செக், இரண்டு செக் என்றுதான் கேட்பார்கள். முதல் செக், 5 சதவீத டெபாசிட், ஏஜென்ட் கமிஷன், சாமான்கள், பள்ளிக்கு முதல் தவணை, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, எல்லாம் சேர்த்து 45,000 திர்ஹாம் வரை இழுக்கும், கிட்டத்தட்ட 11 லட்சம். அதற்கு 13 சதவீத வட்டியில் 3 வருட லோன் என்றால் இ.எம்.ஐ. 37,000. அக்கா வீட்டுக்காரருக்கான 20 லட்சம், அதே வட்டி, 5 வருடம், மாதம் 45,500. கையில் நிற்கும் காசு (கிராஜுவிட்டி இப்போது வராது, அதைக் கழித்துவிட்டேன்) 1,51,000. வீட்டு லோன் 48,000, கடை லோன் 45,500, செட்டில் ஆகும் லோன் 37,000 போனால் 20,000 மிஞ்சும். நாடு விட்டுப் போய், மனைவியின் வேலையையும் பி.எஃப்.-ஐயும் விட்டுக்கொடுத்து, மூன்று வருடத்துக்குக் கையில் 20,000. மகளுக்கு ஒரு பல் வைத்தியம், வாடகை ஒரு உயர்வு, அவ்வளவில் தீர்ந்துவிடும். கடை சரியாகப் போகாவிட்டாலும் லோன் உங்கள் பெயரில்தான் இருக்கும். இடையில் வேலை போனால் அங்கே கட்டாய வேலையிழப்புக் காப்பீடு இருக்கிறது, ஆனால் ஒரு வருடம் தொடர்ந்து கட்டியிருந்தால்தான், அதுவும் பேசிக்கில் 60 சதவீதம், அதிகபட்சம் 3 மாதம். உங்களுக்கு 6,600 திர்ஹாம் வரும், 7,500 வாடகைக்கே போதாது.

நவம்பர் என்பது எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாள் இருந்துவிட்டால் அந்த வருடத்துக்கு அவர் இந்தியக் குடியிருப்பாளர்தான். ஏப்ரலில் இருந்து எண்ணினால் செப்டம்பர் கடைசியிலேயே 182 வந்துவிடும். நீங்கள் நவம்பரில் கிளம்பினால் மார்ச் வரை துபாயில் வாங்கும் 5 மாதச் சம்பளமும், அதாவது 26 லட்சத்துக்கு மேல், இங்கே வரிக்கு வரும். அங்கே வரி கட்டவில்லை என்பதால் கழித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது. ஏப்ரலில் இருந்து இங்கே வாங்கிய சம்பளத்தோடு சேர்த்துப் போட்டால் புதிய வரி முறையிலேயே கூடுதலாக 7 லட்சத்துக்கு மேல் ஆகும். "துபாயில் வரி இல்லை" என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கம்பெனியிடம் பேசி சேரும் தேதியை ஏப்ரலுக்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஒரு ஆடிட்டரைப் பார்த்து இந்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதையும் ஆஃபரில் இருந்து கழித்துப் பாருங்கள்.

மியூனிக் பற்றிக் கொஞ்சம். இங்கே வரும் பிடித்தங்கள், வரி, குழந்தைப் பணம் எல்லாம் 2025 விதிகள்படி. 78,000 யூரோ என்றால் மாதம் 6,500. இதில் ஓய்வூதியம், மருத்துவம், பராமரிப்புக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு என்று 1,260 பிடிப்பார்கள். வருமான வரி, குடும்பம் அங்கே வந்து பதிவு செய்து, திருமணமானவர்களுக்கு வரி குறைவாகப் பிடிக்கும் மூன்றாம் வரி வகுப்பு கிடைத்தால், 785 வரும். கையில் 4,450, குழந்தைக்கு அரசு தரும் 255-ஐச் சேர்த்தால் 4,700. நீங்கள் முன்னால் போய் குடும்பம் ஊரிலேயே இருந்தால் முதல் வகுப்புதான், அதில் மாதம் 500 யூரோவுக்கு மேல் குறையும், குழந்தைப் பணத்தையும் நம்ப முடியாது. மனைவியையும் மகளையும் எப்போது கூட்டிப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து சம்பளமே மாறுகிறது பாருங்கள். வாடகை, ஹீட்டிங் 2,100-உடன் மொத்தச் செலவு 3,650 என்று வைத்தால் மிச்சம் 1,050 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று போட்டால் 1,05,000, சென்னை வாடகையோடு 1,25,000. ரொக்கமாகப் பார்த்தால் சென்னையின் 1,20,000-ஐவிட 5,000 மட்டும்தான் கூடுதல், பி.எஃப்.-ஐயும் சேர்த்த 1,44,000-ஐவிடக் குறைவு.

ஆனால் அங்கே பிடித்த பணம் வெறுமனே போய்விடுவதில்லை. மனைவிக்கும் மகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு தனிக் கட்டணம் இல்லாமல் வருகிறது, அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் இல்லை. ஒரு வருடம் கட்டியபின் வேலை போனால், குழந்தை இருப்பதால் கைச்சம்பளத்தில் 67 சதவீதம் 6 மாதத்துக்கு வரும். ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாக மாதம் 1,200 யூரோ சேர்கிறது. இந்தச் சம்பளத்தில் ஒவ்வொரு வருட வேலைக்கும் 67 வயதில் மாதம் 60 யூரோ சொச்சம் என்று இன்றைய மதிப்பில் கணக்கு வரும். 5 வருடம் முடித்தால்தான் அந்த உரிமை, முடித்துவிட்டால் ஊர் திரும்பினாலும் வாங்கலாம். எனவே இரண்டு மூன்று வருடத்தில் திரும்புகிற எண்ணம் இருந்தால் மியூனிக் உங்களுக்கு ஒத்துவராது. 5 வருடத்துக்கு மேல் இருப்பீர்கள், மனைவி ஜெர்மன் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகத் தயார் என்றால் (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தரும் ப்ளூ கார்டு அனுமதி வைத்திருப்பவரின் மனைவிக்கு வேலை பார்க்கத் தடையில்லை) அதுதான் கெட்டியான ஆஃபர்.

துபாயை எடுப்பதாக இருந்தால் இப்போதுள்ள 22,000-க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மொத்தத்தைக் கூட்டித் தராவிட்டாலும் பரவாயில்லை, குடும்ப இன்ஷூரன்ஸ், பள்ளிக் கட்டணம், டிக்கெட் மூன்றையும் கம்பெனி ஏற்கட்டும், வாடகைக்கு வட்டியில்லா முன்பணம் தரட்டும். இந்த நான்கும் கிடைத்தால் மாதம் 2,400 திர்ஹாம் வரை மிச்சமாகும், 11 லட்சம் லோனும் பாதியாகக் குறையும். பேசிக்கை 60 சதவீதம் ஆக்கச் சொல்லுங்கள், கிராஜுவிட்டி அதோடு ஏறும்.

போய் இறங்கிய மாதமே ஒருவர் காபிக்குக் கூப்பிட்டு, 20, 25 வருட டாலர் சேமிப்புத் திட்டம் என்று காட்டுவார். வேண்டாம். ஆரம்ப வருடங்களில் நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி கமிஷனுக்கும் கட்டணத்துக்கும் போகும், நடுவில் நிறுத்தினால் கட்டியதே திரும்பாது. துபாய் வேலை 25 வருடம் நிற்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரவில்லை. முதலில் 6 மாதச் செலவை அங்கேயே ஒரு பேங்கில் வையுங்கள்.

அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லும் வேலை மீதமிருக்கிறது, அதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று தெரிகிறது. மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி, அக்காவும் கூட இருக்கும்போது காட்டுங்கள். "பர்சனல் லோன் எடுக்க மாட்டேன், ஒரு வருடம் கழித்து என் சேமிப்பில் இருந்து 2 லட்சம் தருகிறேன், அது திரும்பி வராவிட்டாலும் கேட்க மாட்டேன்" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். கடைக்கு அவர் பெயரிலேயே முத்ரா லோனுக்கு விண்ணப்பிக்கலாம், பேங்க் கேட்கிற திட்ட அறிக்கையைத் தயார் செய்ய நீங்கள் உட்கார்ந்து உதவுங்கள். அதற்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டாம். இந்த வாரமே பேசிவிடுங்கள், அவர் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.