கான்பான் கார்டும் வராத லோடும்: கேள்வி பதில்

ஓசூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பிளானிங்கில் பல வருடம் இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன். ஃபவுண்டரியில் வார்த்து வரும் இரும்புப் பாகம்தான் காஸ்டிங். அதன் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு கான்பான் கார்டு இருக்கும். பெட்டியைத் திறந்ததும் கார்டைக் கழற்றி ஃபவுண்டரிக்கு அனுப்புவோம், அதுதான் அடுத்த பெட்டிக்கான ஆர்டர்.

"தினம் 400 காஸ்டிங், பெட்டிக்கு 50, லோடு வர 2 நாள், 25% கூடுதல். 20 கார்டு போட்டோம். கையில் 1000 காஸ்டிங், அதாவது இரண்டரை நாள் தாங்கும்தானே சார்? ஆனால் லைன் நிற்கிறதே?"

கணக்கு சரி: 400-ஐ 2 நாளால் பெருக்கி, 25% சேர்த்து, 50-ஆல் வகுத்தால் 20 கார்டு. படித்த விதம்தான் தப்பு. அந்த 1000 உங்கள் ஸ்டோர்ஸில் இல்லை. லோடு வர 2 நாள் என்றால் 16 கார்டு எப்போதும் ஃபவுண்டரியிலோ லாரியிலோ இருக்கும். உங்களிடம் சராசரியாக 4 பெட்டி, அதாவது 200 காஸ்டிங், அரை நாள் வேலை. லாரி ஒரு நாள் தாமதமானால் மதியத்துக்கு மேல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அதற்கப்புறம் நடப்பதுதான் மோசம். லைன் நின்றால் புதுப் பெட்டி திறப்பதில்லை, கார்டும் கழன்று போவதில்லை. ஃபவுண்டரிக்காரர் இரண்டு நாளாகப் புதுக் கார்டைக் காணோமே என்று வேறு ஒருவரின் பேட்டர்னை ஏற்றிவிடுவார். நீங்கள் மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது அவர் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் உங்கள் பக்கம் வருவார். ஒரு தாமதம் இரண்டாவது தாமதத்தைப் பெற்றுப்போடும்.

கார்டு கிளம்பிய தேதியையும் திரும்பிய தேதியையும் கார்டிலேயே பேனாவால் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது பெரும்பாலானவை இரண்டே நாளில் வந்திருந்தன, சில மட்டும் ஐந்து நாள். சராசரியைப் பார்க்காதீர்கள், லைனை நிறுத்துவது அந்த ஐந்து நாள்தான். ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டால், கூடுதல் எதுவும் சேர்க்காமலே 40 கார்டு.

"40 கார்டு போட்டால் அது ஸ்டாக் வைக்காத ஜஸ்ட் இன் டைமே இல்லையே?"

இல்லைதான். அந்தப் பொருளுக்கு மட்டும் ஸ்டாக் வைக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்? ஒப்புக்கொள்ளாத இடத்தில் ஸ்டோர்ஸ்காரர் ரேக்குக்குப் பின்னால் பத்துப் பெட்டி ஒளித்து வைப்பார்.

"எங்கள் ஐடி டீமின் கான்பான் போர்டில் ஒரு நெடுவரிசையில் எத்தனை டிக்கெட் வைக்கலாம்?"

அது என் ஏரியா இல்லை தம்பி. இங்கே இரும்பு.

"1997-ல் தீ விபத்தால் டொயோட்டாவே நின்றுபோனது. அப்போதே ஜஸ்ட் இன் டைம் தோற்றுவிட்டது இல்லையா?"

பாதி சரி. பிப்ரவரி 1 அன்று ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலை எரிந்தது. பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு, டொயோட்டாவுக்கு வேண்டியதில் ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்துதான். சில நாளில் ஜப்பானிலிருந்த அவர்களின் லைன்கள் நின்றன. ஆனால் வேறு பல கம்பெனிகள் சேர்ந்து அந்த வால்வைச் செய்து கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் ஓட வைத்துவிட்டார்கள். எப்போதாவது வரும் தீ வேறு, வாரம் இரண்டு முறை வராத லாரி வேறு. முதலாவதற்கு இன்னொரு சப்ளையர் வேண்டும், கார்டைக் கூட்டிப் பயனில்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே சில சிப்களைச் சப்ளையர்களிடம் மாதக்கணக்கில் சேமிக்கச் சொன்னது. எல்லாவற்றுக்கும் அல்ல, கிடைக்க நாளாகும் பொருளுக்கு மட்டும்.

"எத்தனை கார்டு போடுவது என்று ஃபார்முலா தாங்க."

மேலே முதல் பதில்.

"20 ஆளோடு கோவையில் ஃபவுண்டரி நடத்துகிறேன். வராத லோடு என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்களே, திங்கள் 8 கார்டு, செவ்வாய் 3, புதன் 14 அனுப்புவது யார்? பணத்தை 90 நாள் கழித்துத் தருவது யார்?"

அண்ணே, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கார்டு எண்ணிக்கை இப்படி ஆடினால் அது எங்கள் பக்கத்துக் கோளாறு. தினமும் கலவையாகச் சமமாக ஓட்டாமல் ஒரே மாடலை மொத்தமாக ஓட்டுகிறோம். உங்களிடம் மோல்டு, உருக்கும் இரும்பு எல்லாம் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்க, 14 கார்டை எப்படி ஊற்றுவீர்கள்? பணமும் அப்படியே. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் தரவேண்டும் என்று 2006 சட்டமே இருக்கிறது. பணம் வராதவர் ஸ்கிராப் வாங்கமாட்டார், அடுத்த வார லோடு வராது.

அதே நண்பர்: "அப்படியென்றால் தலைப்பை மாற்றுங்கள்."

பாதி மாற்றலாம். எங்கள் ஷெட்யூல் ஒழுங்காக இருந்த மாதத்திலும் பிளோ ஹோலோடு, அதாவது காஸ்டிங்குக்குள் காற்றுத் துளையோடு, வந்த லோடு இருக்கிறதே. 50 காஸ்டிங் உள்ள பெட்டியில் 6 ரிஜெக்ட் என்றால் அந்தக் கார்டு 44 காஸ்டிங்குக்கான கார்டு. கணக்கோ 50 என்றே நம்பும். அதை யார் தலையில் கட்டுவது?

அதே நண்பர்: "நீங்கள் மோல்டுக்கான மணல் விலை கேட்டீர்களா?"

கேட்கவில்லை.

"ஐயா, கார்டு கணக்கு எப்படி? சராசரி லீட் டைம் போடலாமா?"

முதல் பதிலைப் படியுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள்.